கொரியக் கச்சேரி வீடியோவில் ரசிகர்கள் கத்துவது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.டி.எஸ். கான்சர்ட் வீடியோ பார்க்கறப்ப, அவங்க பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கூட்டம் மொத்தமும் ஒரே குரல்ல என்னமோ கத்துது. பாட்டு வரி மாதிரியும் இல்ல. நடுநடுவுல வேற வேற வார்த்தையும் கேக்குது. அதெல்லாம் என்ன? நான் பத்தாவது படிக்கிறேன், கொரியன் தெரியாது. சிம்பிளா சொல்லுங்க.

முதலில் கேட்கும் அந்த நீளமான கத்தல் ஒரு பெயர்ப் பட்டியல். பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவில் உள்ள ஏழு பேரின் முழுப்பெயரையும் வரிசையாகக் கூப்பிட்டு, கடைசியில் குழுவின் பெயரைச் சொல்லி முடிக்கிறார்கள்:

கிம் நாம்ஜுன்! கிம் சொக்ஜின்! மின் யுன்கி! ஜொங் ஹோசொக்! பாக் ஜிமின்! கிம் தேஹ்யொங்! ஜொன் ஜொங்குக்! பி-டி-எ-ஸு!

இப்படிக் கூட்டமாகச் சொல்வதற்குக் கொரிய மொழியில் 'உங்வொன்பொப்' என்று பெயர். 'உங்வொன்' என்றால் உற்சாகப்படுத்துவது, 'பொப்' என்றால் முறை. மற்ற நாட்டு ரசிகர்கள் ஃபேன்சாண்ட் என்கிறார்கள்.

நடுவில் கேட்கும் வார்த்தைகளில் பாதி, பாட்டுக்கென்று முன்கூட்டியே எழுதி வைத்தவை. மீதி அந்த நேரத்தில் வாயில் வருவது: அழாதே, போகாதே, பரவாயில்லை, அண்ணா என்கிற மாதிரியான சாதாரணப் பேச்சு. இருபது வார்த்தை தெரிந்தால் பெரும்பாலான வீடியோ புரிந்துவிடும்.

ஆர்.எம்., சுகா, வி-ன்னு எல்லாம் பேர் இருக்கே. அதைச் சொல்லாம ஏன் வேற பேரைச் சொல்றாங்க? அந்த வரிசை யார் போட்டது?

அவை மேடைப்பெயர்கள். கூட்டம் கத்துவது வீட்டில் வைத்த பெயர்களை. இதற்குப் பாசம் ஒரு காரணம் என்றால், கணக்கு இன்னொரு காரணம். கொரியப் பெயர் பெரும்பாலும் மூன்று அசை கொண்டது. முதலில் குடும்பப் பெயர் ஓர் அசை, பிறகு சொந்தப் பெயர் இரண்டு அசை. கிம்-நாம்-ஜுன், பாக்-ஜி-மின், ஜொன்-ஜொங்-குக் என்று எதை எடுத்தாலும் மூன்று. ஏழு பெயரும் ஒரே அளவில் வெட்டிய செங்கல் மாதிரி அடுக்கி வைக்கலாம். மேடைப்பெயரில் இது நடக்காது. 'வி' ஒரே அசை, 'சுகா' இரண்டு. அடுக்கினால் கோணலாக நிற்கும்.

வரிசையில் முதலில் வருவது தலைவர். நாம்ஜுன்தான் குழுவின் தலைவர் என்பதால் அவர் பெயர் முன்னால். மற்ற ஆறு பேரும் வயதுப்படி வருகிறார்கள்: சொக்ஜின் பிறந்தது 1992, யுன்கி 1993, ஹோசொக் 1994, ஜிமினும் தேஹ்யொங்கும் 1995, ஜொங்குக் 1997. ஜிமின் அக்டோபர், தேஹ்யொங் டிசம்பர். அந்த இரண்டரை மாத வித்தியாசம்கூட வரிசையில் காப்பாற்றப்படுகிறது. மூத்தவர், இளையவர் என்பது கொரியப் பேச்சில் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கீழே 'ஒப்பா' கேள்வியில் வருவோம்.

அவ்வளவு பேர் கத்தியும் எப்படிக் கரெக்டா தாளத்துல விழுது?

பெயர் ஒவ்வொன்றும் நான்கு சம அளவுள்ள இடங்களில் உட்காருகிறது. மூன்று இடத்தில் மூன்று அசை, நான்காவது இடம் மௌனம். அந்த மௌனத்தில்தான் மூச்சு எடுப்பது.

கிம் – நாம் – ஜுன் – (மௌனம்)
கிம் – சொக் – ஜின் – (மௌனம்)

இப்படி ஏழு பெயர். எட்டாவதாக வரும் குழுப் பெயரைக் கொரியர்கள் பி-டி-எ-ஸு என்று நான்கு அசையாகச் சொல்கிறார்கள். ஆகவே கடைசியில் மட்டும் நான்கு இடமும் நிரம்பி, மௌனமே இல்லாமல் 'தொம்'மென்று முடிகிறது. வீடியோவில் அந்த முடிவு மற்றதைவிடக் கனமாகக் கேட்பது இதனால்தான்.

பாட்டு கிளாஸ் போகிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். எட்டு கூப்பிடல் என்பது ஆதி தாளத்தின் எட்டு அட்சரம். ஒவ்வொன்றும் 'தகதிமி' அளவு. பெயர்களில் கடைசி 'மி' மட்டும் ஊமை. கையில் தாளம் போட்டுக்கொண்டே சொல்லிப் பாருங்கள், ஒரே ஆவர்த்தனத்தில் முடிந்துவிடும்.

பாட்டின் வேகத்தில் ஒரு பெயர் பெரும்பாலும் இரண்டு அடி நேரம் எடுக்கும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டு என்றால் ஒரு பெயருக்கு ஒரு விநாடி, முழுப் பட்டியலுக்கு எட்டு விநாடி. பாட்டின் தொடக்கத்தில் குரல் வராமல் இசை மட்டும் ஓடும் இடத்தில் இது சரியாக அடைபடும்.

நானும் சொல்லிப் பாத்தேன். ஆனா வீடியோல கேக்கற மாதிரி வரல. எங்க தப்பு?

பெரும்பாலும் மூன்று இடத்தில் தப்பு நடக்கும். அதில் முதல் தப்பு ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பது. திரையில் `Seokjin` என்று இருப்பதைப் பார்த்து 'சியோக்ஜின்' என்கிறோம். அந்த `eo` இரண்டு எழுத்தானாலும் ஒரே உயிரொலி. நம் 'ஒ'வைச் சொல்லுங்கள், ஆனால் உதட்டைக் குவிக்காமல் தளர்த்தி வையுங்கள். அதுதான். `Jeon` என்பது 'ஜியோன்' இல்லை, 'ஜொன்'. `Taehyung` என்பதில் உள்ள `ae`, 'ஏ' மாதிரி. 'டாயே' என்று பிரிக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று `Park`. அதில் 'ர்' கிடையவே கிடையாது. கொரிய எழுத்தில் அது 'பாக்' மட்டும்தான். ஆங்கிலேயர் உச்சரிப்பில் 'ர்' மறையும் என்பதால் எப்போதோ அப்படி எழுதிவைத்தது, இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பாக்'கின் 'ஆ'வையும் இழுக்க வேண்டாம். ஒலி ஆகாரம், அளவு குறில்.

இரண்டாவது தப்பு நம்முடைய சொந்தத் தப்பு. நமக்கு வல்லெழுத்தில் வார்த்தையை முடிக்க வராது. புக் என்றால் 'புக்கு', மார்க் என்றால் 'மார்க்கு'. அதே பழக்கத்தில் 'ஹோசொக்கு', 'ஜொங்குக்கு' என்று ஓர் உகரம் சேர்த்துவிடுகிறோம். மூன்று அசைப் பெயர் நான்கு அசையாகிறது, மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில் 'கு' போய் உட்காருகிறது, மூச்செடுக்க இடம் போச்சு. அடுத்த பெயருக்குள் அரை அடி தாமதமாக நுழைவீர்கள். 'சொக்' என்னும்போது நாக்கின் பின்பகுதி மேலே ஒட்டியதும் அங்கேயே நின்றுவிட வேண்டும், காற்றை வெளியே விடக் கூடாது. சரியாக வருகிறதா என்று பார்க்க மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். 'சொக்' முடியும்போது காகிதம் ஆடினால் உகரம் சேர்கிறது என்று பொருள். அதே காகிதம் 'தேஹ்யொங்'கின் 'தே'யில் நன்றாக ஆட வேண்டும், ஏனென்றால் அந்தத் தகரம் மூச்சைத் தள்ளிச் சொல்வது.

மூன்றாவது, 'ங்'. தமிழில் ங் வந்தால் பின்னாலேயே ககரம் வரும். தங்கம், சங்கு, எங்கே. அதனால் 'ஜொங் ஹோசொக்' நம் வாயில் 'ஜொங்கோசொக்' ஆகிறது. ங் என்ற மூக்கொலியோடு நிறுத்தி, பிறகு தனியாக 'ஹோ' சொல்லுங்கள். ஜொங்குக்கில் மட்டும் இந்தக் கவலை வேண்டாம். அங்கே உண்மையிலேயே ககரம் இருக்கிறது, 'சங்கு' மாதிரி இயல்பாகச் சொல்லலாம்.

நமக்குச் சாதகமான விஷயமும் உண்டு. கொரிய எழுத்தில் k, g இரண்டுக்கும் ஒரே எழுத்து. சொல்லின் முதலில் வந்தால் வல்லொலி, இரண்டு உயிருக்கு நடுவிலோ மூக்கெழுத்துக்குப் பின்னாலோ வந்தால் மெல்லொலி. 'கல்'லின் கவும் 'தங்க'த்தின் கவும் ஒரே எழுத்துதானே, அதே ஏற்பாடு. மற்ற நாட்டு ரசிகர்கள் இதை விதியாக மனப்பாடம் செய்கிறார்கள், நமக்கு அது பிறவிப் பழக்கம். இன்னொன்று, பி-டி-எ-ஸு என்பதன் கடைசி 'ஸு'. அது முழு உகரம் அல்ல. 'காது', 'பாட்டு' என்பவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம். பஸ்ஸை 'பஸ்ஸு' என்று சொல்லும் அதே உகரம். முன்னே சொன்ன 'உங்வொன்பொப்' என்பதன் முதல் உகரமும் இந்த ஒலிதான், அங்கே சொல்லின் முதலில் வருகிறது.

மத்த குரூப்புக்கும் இதே மாதிரிதானா?

வேலை ஒன்றே, பெயர்கள் வேறு. பிளாக்பிங்குக்கு நான்கு பெயர்: கிம் ஜிசு! கிம் ஜெனி! பாக் சேயொங்! லாலிசா! பிளாக்பிங்கு! இதுவும் வயது வரிசைதான். லிசா தாய்லாந்துக்காரர் என்பதால் ஓரசைக் குடும்பப் பெயர் இல்லை. ஆனால் அவருடைய முழுச் சொந்தப் பெயரான லா-லி-சா சரியாக மூன்று அசை. 'லிசா' என்று கத்தினால் ஓர் இடம் ஓட்டையாக இருந்திருக்கும்.

பாட்டு நடுவுல, வரியோட கடைசி வார்த்தையை மட்டும் எல்லாரும் சேர்ந்து சொல்றாங்களே, எங்க சொல்லணும்னு எப்படித் தெரியும்?

அதற்குத் தாள் வரும். புதுப் பாட்டு வெளியாகும் சமயத்தில் குழுவை நடத்தும் நிறுவனமே வரிகளை வெளியிட்டு, ரசிகர் சொல்ல வேண்டிய இடங்களைத் தடித்த எழுத்திலோ வேறு நிறத்திலோ காட்டிவிடும். பல குழுக்கள் தாங்களே சொல்லிக்காட்டும் வீடியோவும் போடுவார்கள். தேட வேண்டுமானால் பாட்டின் பெயரை எழுதி, பக்கத்தில் இதை ஒட்டுங்கள்:

```
응원법
```

'உங்வொன்பொப்' என்பதன் கொரிய எழுத்து அது. ஆங்கிலத்தில் தேடினால் ரசிகர்கள் காதில் கேட்டு எழுதியவையும் கலந்து வரும், அவற்றில் பிழை அதிகம். இப்படித் தேடினால் நிறுவனம் போட்டது கிடைக்க வாய்ப்பு கூடுதல்.

தாளில் வழக்கமாக இருப்பவை மூன்று. தொடக்கத்தில் பெயர்கள். வரியின் கடைசி இரண்டு மூன்று அசையை எதிரொலி போலத் திருப்பிச் சொல்வது. பல்லவியில் பாட்டின் தலைப்பை மட்டும் சேர்ந்து அடிப்பது. குறி இல்லாத இடத்தில் கத்தக் கூடாது என்பதும் அந்தத் தாளின் பொருள்தான். மெதுவான பாட்டுகளில் குறியே மிகக் குறைவாக இருக்கும்.

கொரியத் தொலைக்காட்சியின் மியூசிக் பேங்க், இன்கிகாயோ போன்ற வார நிகழ்ச்சிகளில் இது துல்லியமாகக் கேட்கும். அங்கே பல மேடைகளை ரசிகர்களை வைத்து முன்கூட்டியே பதிவு செய்கிறார்கள். ஒரே பாட்டைப் பலமுறை எடுக்கும்போது கூட்டத்துக்கும் ஒத்திகை ஆகிவிடுகிறது. பழகுவதற்குக் கான்சர்ட் வீடியோவைவிட இந்த வீடியோக்களே நல்லவை.

தாளில் குறித்ததை மட்டும் சொல்லாமல், கூட்டம் பாட்டு முழுவதையும் சேர்ந்து பாடினால் அதற்குப் பெயர் வேறு: 'த்தேசாங்'. த்தே என்றால் கூட்டம், மந்தை. சாங் என்றால் பாட்டு.

ஒப்பான்னா லவ்வர்னு ஒருத்தர் சொல்றாங்க, அண்ணான்னு ஒருத்தர் சொல்றாங்க. எது சரி? நான் பையன், நானும் ஒப்பான்னு கத்தலாமா?

ஒப்பா என்றால் அண்ணன். ஆனால் பெண் சொல்லும்போது மட்டும். கொரிய மொழியில் அண்ணன், அக்கா இரண்டுக்கும் சொல்பவர் ஆணா பெண்ணா என்று பார்த்துத் தனித்தனிச் சொல் இருக்கிறது. பெண் தன் அண்ணனை ஒப்பா என்பாள், அக்காவை ஒன்னி என்பாள். ஆண் தன் அண்ணனை ஹ்யொங் என்பான், அக்காவை நுனா என்பான். எனவே நீங்கள் பையன் என்றால் ஜொங்குக்கைப் பார்த்து ஹ்யொங் என்று கத்த வேண்டும். கொரியப் பையன்கள் கூட்டமாக ஹ்யொங் என்று தடித்த குரலில் கத்தும் வீடியோக்களைக் கவனியுங்கள். தனியாகக் கேட்கும்.

நாம் உடன்பிறக்காதவரையும் அண்ணா என்று கூப்பிடுகிற மாதிரி, இவற்றையும் சற்று மூத்த எவரிடமும் பழக்கத்தில் சொல்லலாம். பெண்கள் காதலனையும் ஒப்பா என்பதால் அந்தக் குழப்பம் வந்தது. நம் ஊரில் அண்ணா என்று கூப்பிட்டால் அந்தப் பேச்சே அத்தோடு முடிந்தது. அங்கே அப்படி இல்லை.

தம்பி, தங்கைக்கு மட்டும் கொரியன் சிக்கனம் பிடித்து, தோங்செங் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறது. அதை யாரும் கூப்பிடப் பயன்படுத்துவதில்லை, இளையவரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள்.

உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை. நடுவில் வருவது 'அப்பா'வில் உள்ள அதே அழுத்தமான ப்ப. முதலில் உதடு குவிந்த ஒகரம். அது நழுவி அகரமானால் 'அப்பா' ஆகிவிடும், கொரிய மொழியிலும் அப்பா என்றால் அப்பாதான். அம்மாவுக்கு 'ஒம்மா' என்கிறார்கள். இதைப் பார்த்து இரண்டு மொழியும் உறவு என்று இணையத்தில் நிறையப் பேச்சு ஓடும். கொரியாவில் வேலை பார்த்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. உதட்டை மூடித் திறந்தால் வரும் ஒலிகளால் குழந்தைகள் பெற்றோரைக் கூப்பிடுவது உலகத்தில் பல மொழிகளில் நடப்பது.

சில பேர் 'ஜிமினா', 'ஜொங்குகா'ன்னு கத்துறாங்க. அது வேற பேரா?

இல்லை, அது விளி. முருகன் முருகா ஆகிற மாதிரி. பெயர் மெய்யில் முடிந்தால் 'ஆ' சேரும், உயிரில் முடிந்தால் 'யா' சேரும். ஜிமின் ஜிமினா, தேஹ்யொங் தேஹ்யொங்-ஆ, யுன்கி யுன்கியா, ஜிசு ஜிசுயா. ஜொங்குக் என்பதன் கடைசிக் ககரத்தின் மேல் ஆகாரம் ஏறி 'ஜொங்குகா'. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று தமிழ்ப் பாடத்தில் படித்ததை அப்படியே பார்க்கலாம்.

ஆனால் இது சமவயதினருக்கும் இளையவருக்கும் மட்டும். மூத்தவரை இப்படிக் கூப்பிடுவது பெரியவரைப் பார்த்து 'வாடா' என்பதற்குச் சமம். பத்தாம் வகுப்பில் இருப்பவர் 1995-ல் பிறந்தவரை 'ஜிமினா' என்று நேரில் கூப்பிடுவது முறையில்லை, 'ஜிமின் ஒப்பா' அல்லது 'ஜிமின் ஹ்யொங்' என்பதே சரி. கூட்டத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சாராங்ஹேன்னா ஐ லவ் யூன்னு தெரியும். அதுல 'ஐ' எது, 'யூ' எது?

இரண்டுமே இல்லை. 'சாராங்' என்றால் அன்பு, காதல். 'ஹே' என்றால் செய்கிறேன். நாம் 'லவ் பண்றேன்' என்கிறோமே, அதே கட்டுமானம். யார், யாரை என்பது சொல்லாமலே புரியும். 'சாராங்ஹேயோ' என்று கேட்டால் கடைசி 'யோ' மரியாதைக்காகச் சேர்ந்தது, ஏறக்குறைய நம் 'ங்க' மாதிரி. மேடையில் இருப்பவர் ரசிகர்களிடம் பேசும்போது 'யோ' அதிகம் வரும், ரசிகர்கள் கத்தும்போது பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

திரையில் `saranghae` என்று இருப்பதை 'சரங்காய்' என்று படிக்காதீர்கள். இங்கேயும் ங் தனி, ஹே தனி.

பாடறவங்க அழும்போது கூட்டம் 'உல்ஜிமா'ன்னு கத்துது. அப்புறம் பேசி முடிக்கறப்ப 'காஜிமா'. ரெண்டுலயும் 'ஜிமா' இருக்கே?

நல்ல கவனிப்பு. 'ஜிமா' என்றால் நம் 'ஆதே'. 'உல்' என்பது அழு, 'கா' என்பது போ. உல்ஜிமா அழாதே, காஜிமா போகாதே. 'ஹா' என்பது செய், ஆக ஹாஜிமா செய்யாதே. ஒரு விகுதி தெரிந்தால் மூன்று வார்த்தை கையில்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொன்று 'க்வென்ச்சானா', பரவாயில்லை. பாடுபவர் வரியை மறந்தாலோ, கண் கலங்கினாலோ, கூட்டம் இதை இரண்டிரண்டு முறையாகக் கத்தும்: க்வென்ச்சானா! க்வென்ச்சானா! 'உல்ஜிமா'வும் அப்படித்தான் இரட்டையாக வரும்.

விளக்கு அணைந்தபின் கைதட்டலோடு விடாமல் கேட்பது 'எங்கோல்'. இன்னொரு பாட்டு வேண்டும் என்று கேட்பது. 'மறுபடியும்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் கொரிய வாயில் இப்படி ஆனது. அகராதி 'ஆங்கோரு' என்று எழுதச் சொல்கிறது, கூட்டம் அகராதியைக் கேட்பதில்லை.

மேடையில கேள்வி கேட்டா எல்லாரும் 'நே'ன்னு கத்துறாங்க. வேணாம்னு சொல்றாங்களா?

நேர் எதிர். 'நே' என்றால் ஆமாம். இல்லை என்பதற்கு 'ஆனியோ'. சில வீடியோவில் 'நே'வே 'தே' என்று காதில் விழும். கேட்பவர் காதில் கோளாறு இல்லை. சியோல் பேச்சில் சொல்லின் முதலில் வரும் மூக்கொலி பல நேரம் மூக்கை விட்டுவிடும். அதனால் நகரம் தகரத்தின் பக்கம் சாயும்.

மேடையிலிருந்து வரும் கட்டளைகளும் சில உண்டு, அவற்றைக் கூட்டம் திருப்பிச் சொல்லாது, செய்யும். 'சோரி ஜில்லொ' என்றால் சத்தம் போடு. 'தொ குகே' என்றால் இன்னும் சத்தமாக. 'தா காச்சி' என்றால் எல்லாரும் சேர்ந்து. பி.டி.எஸ். தங்களை அறிமுகம் செய்யும்போது தலைவர் 'துல், செத்' என்பார், அதாவது ரெண்டு, மூணு. உடனே எல்லாரும் 'பாங்தான்!' 'ஹானா', அதாவது ஒன்று, சொல்லாமல் மனத்துக்குள் ஓடிவிடும். பாங்தான் என்றால் குண்டு துளைக்காத என்று பொருள், பாங்தான்சொன்யொன்தான் என்ற குழுவின் முழுப்பெயரில் முதல் பாதி.

சில வீடியோல கத்தல் பாட்டுக்குப் பின்னாடியே இழுக்குது. ஒண்ணுல யாரும் கத்தவே இல்ல, 'டப் டப்'னு சத்தம் மட்டும் வருது. ஏன்?

இழுப்பதற்குக் காரணம் ஒலியின் வேகம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பெரிய மைதானத்தில் உங்களுக்கு 170 மீட்டர் தள்ளி நிற்பவர் கத்துவது உங்கள் காதுக்கு வர அரை விநாடி. நிமிடத்துக்கு 120 அடிப் பாட்டில் அரை விநாடி என்பது முழுசாக ஓர் அடி. எதிர்ப்புறக் கூட்டம் சரியாகவே சொல்லியிருக்கும், உங்களுக்கு ஓர் அடி தாமதமாகக் கேட்கும். அதைக் கேட்டு நீங்கள் சேர்ந்தால் நீங்களும் பிந்துவீர்கள். பார்வையாளர் இடத்திலிருந்து கைபேசியில் எடுத்த வீடியோக்களில் இந்தக் குழப்பம் அதிகம். அதிகாரபூர்வ வீடியோவில் கூட்டத்தின் ஒலியைத் தனி மைக்குகளில் பதிந்து, பின்னர் சரிசெய்து சேர்ப்பதால் சுத்தமாக இருக்கும்.

நேரில் போனால் தூரத்துக் கத்தலை நம்பாதீர்கள். பக்கத்து வரிசையைக் கேளுங்கள், கையில் உள்ள விளக்கைப் பாருங்கள். கொரிய மொழியில் உங்வொன்போங் எனப்படும் அந்த விளக்குகளை மேடைப் பக்கமிருந்தே கம்பியில்லாமல் இயக்குகிறார்கள். ஒளிக்குத் தாமதம் கிடையாது.

'டப் டப்' வீடியோ அநேகமாக 2022 மார்ச்சில் சியோல் ஒலிம்பிக் மைதானத்தில் பி.டி.எஸ். நடத்திய நிகழ்ச்சி. கொரோனாக் கட்டுப்பாட்டால் ஒரு நாளைக்கு 15,000 பேர் மட்டும். கத்தவும் சேர்ந்து பாடவும் தடை. குரலுக்குப் பதிலாக மடித்த காகிதத் தட்டியைக் கையில் அடித்துத் தாளம் கொடுத்தார்கள். பெயர்களைச் சொல்ல வேண்டிய இடத்தில் அந்தக் காகித ஒலி மட்டும் கேட்கும்.

சரி, பழகறதுக்கு எங்க ஆரம்பிக்கறது?

முதலில் பாட்டு வேண்டாம். மேசையில் நான்கு நான்காகத் தட்டி, பெயர்களை மெதுவாகச் சொல்லுங்கள், நான்காவது தட்டில் வாயை மூடுங்கள். ஏழு பெயரும் தடுமாறாமல் ஐந்து முறை வந்தபிறகு யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கி வீடியோவோடு சேர்ந்து சொல்லுங்கள். அதற்கும் கீழே 0.5 போனால் குரல் சிதைந்து அசை பிரித்துக் கேட்காது, பயனில்லை. பிறகு வழக்கமான வேகம்.

வழக்கமான வேகத்தில் பெரும்பாலும் சறுக்கும் இடம் நடுவில், 'ஹோசொக் – பாக் ஜிமின் – கிம் தேஹ்யொங்' பகுதி. ஹோசொக், பாக் இரண்டும் அடைபட்ட ககரத்தில் முடிகின்றன. அதோடு 'பாக்'குக்கு அடுத்த 'ஜி', முன்னால் உள்ள அடைப்பினால் இறுகி 'ச்சி' ஆகி, பாக்ச்சிமின் என்றுதான் கேட்கும். அந்த மூன்று பெயரை மட்டும் தனியாக எடுத்து இருபது முறை சொல்லுங்கள். அப்படியும் கூட்டத்தோடு சொல்லும்போது ஒரு பெயர் நழுவினால் அதைத் துரத்த வேண்டாம். அதை விட்டுவிட்டு, அடுத்த 'கிம்'மில் சேர்ந்துகொள்ளுங்கள். அதுவும் போனால் இருக்கவே இருக்கிறது பி-டி-எ-ஸு.